‘ஏன்’ என்று கேட்கும் வினா அட்டைகள்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் குறுவளமையக் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



உடற்கல்விக் குறிப்புகளை வினா அட்டைகளாக மாற்றும்போது நாம் முதலில் எழுதுவது, “மிகைச்சுமை என்றால் என்ன?” என்ற கேள்வியைத்தான். “உடல் பழகிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வேலை தருவது” என்று மாணவர் ஒப்பித்துவிடுவார். ஆனால் குறுவட்டப் போட்டி நெருங்கும்போது, ஐந்து சுற்று ஓடிக்கொண்டிருந்த அதே மாணவர் ஒரே நாளில் பத்துச் சுற்று ஓடுவார். ‘சற்று’ என்ற சொல் அவர் நினைவில் இருந்தது, காலுக்குப் போகவில்லை.

அதே குறிப்பை இப்படிக் கேட்கலாம்.

முன்பக்கம்: “வாரம் மூன்று நாள் 5 சுற்று ஓடும் மாணவி, அடுத்த வாரம் எத்தனை சுற்று ஓடலாம்? 6 சுற்றா, 10 சுற்றா? ஏன்?”

பின்பக்கம்: “6 சுற்று. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக அதைவிட நாளாகும்.”

ஓர் அட்டைக்கு ஒரு முடிவு, அதற்கு ஒரு காரணம். அவ்வளவு போதும். பின்பக்கம் மூன்று வரிக்கு மேல் போனால் அதை இரண்டு அட்டைகளாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்து உடல் மண்டலங்கள். “பயிற்சி பெற்றவரின் ஓய்வு நாடித்துடிப்பு குறையும்” என்ற வரியை ஒரு சிறு கணக்காக்கலாம். பெரியவர் ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் செலுத்துகிறது. துடிப்பு 70 என்றால், ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். பல மாதங்கள் ஓடிப் பழகியவருக்குத் துடிப்பு 50 என்றால், ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டர். இதயம் சோம்பலாகவில்லை, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இறைக்கிறது. இந்த அட்டையோடு மாணவர் தம் நாடியையும் எண்ணட்டும். 10 வினாடி எண்ணி ஆறால் பெருக்கினால், எண்ணுவதில் வரும் ஒரு பிழை ஆறாகிவிடும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழை இரண்டுதான். சிறுவர்களுக்குத் துடிப்பு பெரியவர்களைவிட இயல்பாகவே அதிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 90 வந்த குழந்தை பயந்துவிடும்.

தனித்தன்மை விதிக்கு நம் பகுதியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர்.

முன்பக்கம்: “எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் அப்பாவுக்கு, ஒரு கிலோமீட்டர் ஓடினால் மூச்சு வாங்குகிறது. ஏன்?”

பின்பக்கம்: “உடல் எதைச் செய்கிறதோ அதற்குத்தான் பழகும். நிற்பது காலுக்கு வேலை. இதயத்தையும் நுரையீரலையும் ஓட்டத்தின் அளவுக்கு வேலை வாங்காது.”

ஓர் அட்டையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அது வலி பற்றியது. “மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதால்” என்று பழைய குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. அது சரியன்று. ஓட்டத்தில் உயரும் லாக்டேட், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேர அளவில் பழைய நிலைக்கு வந்துவிடும். பழகாத வேலையால், குறிப்பாகச் சரிவில் இறங்குவது, குதித்து ஊன்றுவது போன்றவற்றால், தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே அந்த வலிக்குக் காரணம். அது ஓரிரு நாளில் உச்சமாகிச் சில நாளில் தணியும்.

இதற்கு இணையாக இன்னோர் அட்டை இருந்தே ஆக வேண்டும். “முன்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி. ஓட ஓடக் கூடுகிறது. தொடரலாமா?” விடை: “கூடாது. ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவும். எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம்.” தசை முழுவதும் பரவலாக வலிப்பது வேறு, எலும்பில் ஒரு புள்ளியில் வலிப்பது வேறு. “வலித்தால்தான் பயிற்சி” என்று நம்பி ஓடும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், குறுகிய ஓய்வோடு முடிய வேண்டியது நீண்ட ஓய்வில் போய் நிற்கும்.

பயன்படுத்தும் முறை எளிது. இருவர் இருவராக உட்காரட்டும். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். தவறியது நாளை மீண்டும் வரட்டும். சரியாகச் சொன்னது மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. விடை சரி, காரணம் தவறு என்றால் அது தவறிய கட்டுக்கே போகும். எல்லாரும் காரணம் இல்லாமலே சரியாகச் சொல்லும் அட்டை இருந்தால், அதன் கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றி எழுதுங்கள்.

அட்டை ஓடக் கற்றுத் தராது. அது மைதானத்தின் வேலை. எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று மாணவர் தாமே முடிவெடுக்க அது உதவும்.