விரல்ரேகை சொல்லும் கணக்கும் விடுபடும் கணக்கும்
(தன்னார்வலர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், சென்னையிலுள்ள ஒரு சிறு அலுவலகத்தின் மாத வருகைக் கணக்கைச் சரிபார்த்துத் தருமாறு நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேர வேலை என்றெண்ணி ஒப்புக்கொண்டேன். அங்கே எழுத்தராகப் பணிபுரியும் ஓர் அம்மையாரின் 2024 சூன் மாதச் சம்பளத்தில் நான்கு நாள் ஊதியம் பிடிக்கப்பட்டிருந்தது. தாம் ஒரு நாள்தான் சொல்லாமல் நின்றதாக அவர் கூறினார். கருவி பொய் சொல்லாது என்றது நிர்வாகம். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அது எப்படி என்பதே இவ்வுரை.

முதலில் அவ்வலுவலகத்தின் விதிகள். வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 5.30 வரை. பத்து நிமிடம் சலுகை. 9.40க்குப் பின் வந்தால் ஒரு தாமதக் குறி. மூன்று தாமதக் குறிகளுக்கு அரை நாள் கழிவு. முன்கூட்டியே அனுமதி பெற்றால் ஒரு மணி நேரம் பிந்தி வரலாம். அந்தச் சூன் மாதத்தில் 30 நாள்கள், ஞாயிறு ஐந்து, 17ஆம் நாள் பக்ரீத் விடுமுறை. எஞ்சியவை 24 வேலை நாள்கள்.

கருவியோடு வந்த மென்பொருள் தந்த அறிக்கை, அம்மையார் 21 நாள் வந்தார், 3 நாள் வரவில்லை, தாமதக் குறி ஆறு என்றது. ஆறு குறிக்கு ஒரு நாள்; ஆக நான்கு நாள் கழிவு. கூட்டல் பிழையே இல்லை. பிழை அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

நான் அவ்வறிக்கையை ஒதுக்கிவிட்டு, கருவியிலிருந்த மூலப் பதிவுகளை எடுத்தேன். மூலப் பதிவில் இருப்பவை பணியாளர் எண்ணும் விரல் வைத்த நேரமும் மட்டுமே. ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்பன பின்னர் மென்பொருள் செய்யும் ஊகங்கள். மூலப் பதிவில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது. திருத்தம் எதுவாயினும் காரணத்தோடும் ஒப்புதல் தந்தவர் பெயரோடும் தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

முதலில் வராத நாள்களைப் பார்த்தேன். 12ஆம் நாள் அம்மையாரின் பெயரில் இரு பதிவுகள் இருந்தன: காலை 9.34, 9.35. விரல் பதிந்ததா என்ற ஐயத்தில் இரண்டாம் முறை வைத்திருக்கிறார். மாலையில் கருவி அவர் விரலை ஏற்கவில்லை. மென்பொருளோ முதல் பதிவை வருகையாகவும் கடைசிப் பதிவை வெளியேற்றமாகவும் கொண்டு, ஒரு நிமிடமே வேலை செய்தார் எனக் கணக்கிட்டு, வரவில்லை என்று எழுதிவிட்டது. சில நிமிடங்களுக்குள் வரும் மறுபதிவுகளை ஒன்றாகக் கொள்ள வேண்டும். அதன்பின் ஒரே பதிவு எஞ்சினால் அந்நாளை ‘முழுமையற்றது’ எனக் குறித்து மேலாளரிடம் கேட்க வேண்டும். கேட்டோம். அன்று மாலை வரை அவர் இருந்ததை மேலாளர் கையொப்பமிட்டு உறுதிசெய்தார்.

5ஆம் நாளுக்கு ஒப்புதல் பெற்ற தற்செயல் விடுப்பு விண்ணப்பம் கோப்பில் இருந்தது. தாளில் இருந்த விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்ற மறந்துவிட்டனர். 20ஆம் நாளுக்குப் பதிவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அம்மையார் ஒப்புக்கொண்ட நாள் அதுவே.

இனித் தாமதக் குறிகள் ஆறு. 14ஆம் நாள் பிற்பகல் 1.25க்கு வந்ததாகப் பதிவு. காலை அரை நாளுக்கு அவர் விடுப்பு எடுத்திருந்தார். காலையில் விடுப்பில் இருப்பவர் காலை வேலைக்குத் தாமதமாக வந்தார் என்பது பொருந்தாக் கூற்று. 19ஆம் நாள் 10.20க்கு வந்ததற்கு ஒரு மணி நேர அனுமதிச் சீட்டு இருந்தது. இவ்விரு குறிகளும் நீங்கின.

24ஆம் நாள் 9.43, 27ஆம் நாள் 9.46 என்ற பதிவுகள்தாம் என்னைச் சிந்திக்க வைத்தன. அவ்விரு நாள்களிலும் அலுவலகத்தில் பாதிப் பேர் தாமதம்! கதவைத் திறக்கும் காவலாளி நாள்தோறும் 8.59 அல்லது 9.00க்கு விரல் வைப்பவர். அந்த வாரத்தில் அவரும் 9.06, 9.07. மாலைப் பதிவுகளும் எல்லோருக்கும் ஏழு நிமிடம் தள்ளியிருந்தன. ஒருவர் பிந்தினால் அது அவர் பழக்கம். எல்லோரும் ஒரே அளவு, காலையும் மாலையும் பிந்தினால் அது கடிகாரம். விசாரித்தபோது, 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மின்பழுது பார்த்தபின் கருவியின் நேரத்தைக் கையால் அமைத்தது தெரிந்தது. ஏழு நிமிடத்தைக் கழித்தால் 9.36, 9.39. இரண்டும் சலுகைக்குள் அடங்கும். எஞ்சியவை 4ஆம் நாளின் 9.44, 7ஆம் நாளின் 9.52 ஆகிய இரண்டே உண்மைத் தாமதங்கள்.

மூன்று குறி சேர்ந்தால்தான் அரை நாள் என்பதால், விரிதாளில் மீதியை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்க வேண்டும்:

```
=INT(L2/3)*0.5
```

L2 என்பது தாமதக் குறிகளின் எண்ணிக்கை. அங்கே L2/6 என்று எழுதியிருந்தனர். ஆறு குறிக்கு இரண்டும் ஒரே விடை தரும்; இரண்டு குறிக்கோ அவர்கள் சூத்திரம் மூன்றில் ஒரு நாளைக் கழித்துவிடும். சரியான விடை சுழியம்.

இறுதிக் கணக்கு இது. பணிக்கு வந்தது 21½ நாள். தற்செயல் விடுப்பு 1½ நாள். சம்பளமில்லா நாள் 1. கூட்டினால் 24. ஞாயிறும் விடுமுறையும் ஆறு சேர, 30. இந்தக் கூட்டல் மாதத்தின் நாள்களோடு பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு நாள் இருமுறை எண்ணப்பட்டது அல்லது விடுபட்டது என்று பொருள். 14ஆம் நாளைக் கருவி முழு நாளாக எண்ணியிருந்தது. அதை அரை நாளாக்கியது அம்மையாருக்கு எதிரான திருத்தம்தான். அதையும் செய்தால்தான் மற்றவற்றை நிர்வாகம் நம்பும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கடிகாரம், அடுத்து மறுபதிவும் முழுமையற்ற நாளும், பிறகு விடுமுறை, விடுப்பு, அனுமதி. எல்லாம் முடிந்த பின்னரே தாமதக் குறி. அந்த மென்பொருள் குறிகளை முதலில் எண்ணிவிட்டு, விடுப்பைப் பின்னர் சேர்த்தது; ஒருமுறை விழுந்த குறி அதன்பின் நீங்கவே இல்லை.

இன்னொன்றையும் நிர்வாகத்திடம் சொன்னேன். மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் பிந்தினால் மொத்தம் அரை மணி நேரம். அதற்கு அரை நாள் ஊதியத்தைப் பிடிப்பது வேறு, தற்செயல் விடுப்பில் அரை நாள் கழிப்பது வேறு. பணிக்கு வாராமைக்கான ஊதியப் பிடித்தம், வாராத நேரத்தின் விகிதத்தை மிஞ்சலாகாது என்ற கோட்பாடு இந்தியாவின் 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்தது; 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உள்ளது. விடுப்பு இருப்பில் கழிக்கலாம் என்று விதியை எழுதியவர்கள், இருப்புத் தீர்ந்தவர்களுக்கு என்ன செய்வது என்று எழுத மறந்திருந்தனர். மென்பொருள் தானாகவே ஊதியத்தில் கைவைத்தது.

அம்மையாருக்கு மூன்று நாள் ஊதியம் அடுத்த மாதத்தில் திரும்பக் கிடைத்தது. கடிகாரத்தால் குறி பெற்ற ஏனையோருக்கும் அக்குறிகள் நீக்கப்பட்டன. இப்போது அங்கே மாதம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் நாள்வாரிப் பட்டியல் தரப்படுகிறது. சம்பளம் போடுமுன் மறுப்புச் சொல்ல மூன்று நாள் அவகாசம் உண்டு. தம் நாளைத் தாமே அறிந்தவர் கண்ணில் படும் பிழை, என் நிரலின் கண்ணில் படாது.