கையும் முகமும் பேசும் மொழி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். சாலை, பாலம் பற்றிப் பேச என்னைவிட அனுபவசாலிகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே, மூன்று வருடமாக நான் படித்து வரும் வேறொரு பாடத்தைச் சொல்கிறேன். அது இந்திய சைகை மொழி. என்னைப் படிக்க வைத்தவன் என் மகன். அவனுக்கு இப்போது ஐந்து வயது.

நாங்கள் கொல்லிமலைக்காரர்கள். செம்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு. பையனுக்கு ஒன்றரை வயதில் காது பரிசோதனை செய்தோம். இரண்டு காதும் அறவே கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று ஸ்கேன் எடுத்தபோது, உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் கேட்கும் நரம்பே சரியாக வளரவில்லை என்று தெரிந்தது. அந்தக் கருவி அனுப்பும் மின் சமிக்ஞை அந்த நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். பாதை இல்லாத ஊருக்கு பஸ் விட முடியாது இல்லையா? ஆக, அவனுக்கு மொழி என்று ஒன்று கண் வழியாகத்தான் வர வேண்டும்.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். மற்றக் குழந்தைகள் மடியில் இருந்தபடியே மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு வீட்டில் அந்த மொழி தெரிந்தவர் யாருமே இருப்பதில்லை. இரண்டு வயதில் ஓர் இரவு அவன் விடிய விடிய அழுதான். வயிறா, காதா, பயமா, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் கிளம்பினேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். அங்கே அச்சகத்தில் வேலை பார்க்கும் காது கேளாத இளைஞர் ஒருவர்தான் என் ஆசிரியர். முதல் நாளில் 'அம்மா'வுக்கு மூக்குத்தி இடத்தைத் தொட்டார். 'அப்பா'வுக்கு மீசையை முறுக்கினார். எனக்கு மீசையே கிடையாது! ஆனாலும் ஒரு மாதம் கழித்து என் மகன் என்னைப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கினான். அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சொற்களைக் கற்பது பெரிய கஷ்டம் இல்லை. கேட்பவர்கள் எல்லோருக்கும் கஷ்டமாக இருப்பது வேறு. நாம் குழந்தையிடம் பொருளைக் காட்டிக்கொண்டே பேசுவோம். "இதோ பாரு, கோழி" என்போம். குழந்தையின் கண் கோழி மேல் இருக்கும், காதில் 'கோழி' என்ற சொல் விழும். காது கேளாத குழந்தைக்கு இரண்டு வேலையும் கண்ணுக்குத்தான். அவன் கோழியைப் பார்க்கும்போது நான் சைகை செய்தால் அது காற்றோடு போயிற்று. ஆகவே அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவன் என் பக்கம் திரும்பியதும் 'கோழி' என்று சைகை செய்து, மறுபடி கோழியைச் சுட்ட வேண்டும். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தட்டலாம், விளக்கை அணைத்து அணைத்துப் போடலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நம் முகம் இருட்டாகத் தெரியும், பாதிப் பேச்சு போய்விடும். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் விளக்கோடு பேச்சும் போய்விடும். அதனால் சார்ஜ் விளக்கு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.

அடுத்தது இலக்கணம். இது தமிழருக்கு ஓர் அனுகூலம். ஆங்கிலத்தில் கேள்விச்சொல் வாக்கியத்தின் தலையில் வரும். இந்திய சைகை மொழியில் அது கடைசியில் வரும். 'உன் பெயர் என்ன' என்று நாம் சொல்லும் அதே வரிசைதான். 'இல்லை' என்பதும் நம்மைப் போலவே கடைசியில்தான். கேள்விக்கென்று பொதுவான ஒரு சைகை உண்டு. அதற்கு முன்னால் 'முகம்' என்று காட்டினால் 'யார்', 'இடம்' என்றால் 'எங்கே', 'நேரம்' என்றால் 'எப்போது', 'எண்' என்றால் 'எத்தனை'. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத் தனிச் சொல்லே வேண்டாம், புருவத்தை உயர்த்தினால் போதும். 'சாப்பிட்டாய்' என்று கையால் காட்டிவிட்டு முகத்தைச் சும்மா வைத்திருந்தால் அது கேள்வியே ஆகாது. முகம் இங்கே இலக்கணம்.

தமிழோடு ஒற்றுமை அங்கேயே நின்றுவிடுகிறது. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் காட்டினால் அது சைகை மொழி ஆகாது. நம்முடைய 'ஐ', 'கு' போன்ற உருபுகளின் வேலையை அங்கே இடம் செய்கிறது. 'கொடு' என்ற சைகை என்னிடமிருந்து உன் பக்கம் போனால் 'நான் உனக்குக் கொடுக்கிறேன்'. உன் பக்கமிருந்து என்னிடம் வந்தால் 'நீ எனக்குக் கொடுக்கிறாய்'.

ஓர் உதாரணம் சொல்கிறேன். போன வருடம் பாட்டி வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் பையன் தாத்தாவிடம் கதை சொன்னான். முதலில் 'நேற்று'. காலம் முன்னால் வந்துவிட வேண்டும். பிறகு 'பாட்டி வீடு' என்று காட்டி இடது பக்கம் ஓர் இடத்தைச் சுட்டினான். 'கோயில்' என்று காட்டி வலது பக்கத்தைச் சுட்டினான். உள்ளங்கையை பஸ் ஆக்கி, வளைத்து வளைத்து மேலே ஏற்றினான். கன்னத்தை உப்பிக் கண்ணைச் சுருக்கினான், அதாவது பஸ் திணறிக்கொண்டு ஏறியதாம்! பிறகு வெறுமனே இடது பக்கம் சுட்டி 'தூக்கம்', வலது பக்கம் சுட்டி 'பொங்கல்' என்றான். பாட்டி வீட்டில் தூங்கினான், கோயிலில் பொங்கல் சாப்பிட்டான். நாம் வரைபடத்தில் ஆதிப்புள்ளியைக் குறித்துவிட்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து அளப்போமே, அதே முறை. அந்த வெற்றிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளாதவருக்குக் கதை புரியாது. தாத்தாவுக்குப் புரிந்தது, ஏனென்றால் அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டினா பேச்சே வராது" என்று சிலர் எங்களை எச்சரித்தார்கள். இது பழைய கருத்து. 1880ல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். 2010ல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து, அதனால் நேர்ந்த தீங்குக்கு வருத்தமும் தெரிவித்தது. இடையில் போனது 130 வருடம்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அப்பா ஒருவர் மட்டும் கற்றால் போதாது. சாப்பிட உட்காரும்போது எல்லோரும் வாயால் பேசிச் சிரித்தால், பையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பான். அதனால் அவன் இருக்கும் அறையில் யார் யாரிடம் பேசினாலும் கையாலும் பேச வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்னொன்று, என் சைகை திக்கித் திக்கித்தான் வரும். சரளமான மொழியை அவன் காது கேளாத பெரியவர்களிடமிருந்துதான் பெற முடியும். மாதம் இரண்டு முறை அவனையும் நாமக்கல்லுக்கு அழைத்துப் போகிறேன்.

உங்கள் உறவிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டெல்லியில் 2015ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2018ல் 3,000 சொற்களோடு வீடியோ அகராதி வெளியிட்டது. 2021ல் அது 10,000 சொல்லாக வளர்ந்தது. சில சைகைகள் ஊருக்கு ஊர் மாறும், அதனால் அகராதியோடு உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் ஆசிரியராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஓர் இரவு பையன் என்னை எழுப்பினான். விளக்கைப் போட்டான். 'வயிறு, வலி' என்றான். எத்தனை நேரமாக என்று கேட்டேன். 'சாப்பிட்ட பிறகு' என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், தூங்கிவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.