"Hi Kayak": மெசேஜ்ல வர்ற தப்பை எதிர்ல இருக்கவங்க எப்படிப் படிக்கிறாங்க?

இன்னைக்கு என் மானம் போன கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

டேட்டிங் ஆப்ல கயல்னு ஒருத்தங்க மேட்ச் ஆனாங்க. பத்து நிமிஷம் யோசிச்சு முதல் மெசேஜ் அனுப்பினேன். ஆட்டோகரெக்ட் அதை "Hi Kayak" ஆக்கிடுச்சு. நான் கவனிக்கவே இல்லை. பதிலும் வரலை.

நெதர்லாந்துல டில்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தப்பு இருக்கிற ப்ரொஃபைல், இல்லாத ப்ரொஃபைல் ரெண்டையும் படிக்கக் கொடுத்தாங்க. மொத்தமா பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா தப்பைக் கவனிச்சவங்க மட்டும் மார்க்கைக் குறைச்சாங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எழுத்து மாறிப்போன டைப்போவைப் பார்த்தா, "இவர் கவனமில்லாதவர்"னு நினைக்கிறாங்க. இலக்கணத் தப்பைப் பார்த்தா, "இவருக்கு அறிவு கம்மி"ன்னு நினைக்கிறாங்க.

அந்த ரெண்டாவது தீர்ப்பு நம்ம ஊர்ல ரொம்ப ஆபத்தானது. ஏன்னா இங்க நிறைய பேர் ப்ரொஃபைல் எழுதுறது தாய்மொழியில இல்லை, இங்கிலீஷ்ல. "I am having two brothers"னு ஒருத்தங்க பயோவில் இருந்துச்சு. நானும் ஒரு செகண்ட் லெஃப்ட் ஸ்வைப் பண்ணப் போனேன். அப்புறம்தான் உறைச்சுது: அந்த வாக்கியம் அவங்க படிச்ச பள்ளிக்கூடத்தைப் பத்தித்தான் சொல்லுது, அவங்க அறிவைப் பத்தி இல்லை. தங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சோம். அவங்க அடிச்ச கவுன்டர்களுக்கு நான் ரெண்டு நாள் பதில் தேடிட்டு இருந்தேன்!

தங்கிலீஷ்ல ஒரு வசதி, அதுக்கு ஸ்பெல்லிங்னு ஒரு விதியே கிடையாது. "seri", "sari" எப்படி அடிச்சாலும் யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. தமிழ் எழுத்துல அடிக்கும்போதுதான் ல, ள, ழ கண்ணுல படும்.

அப்போ எங்க கவனமா இருக்கணும்? என் கணக்குல மூணே இடம். முதல்ல, பேரு. பேரைத் தப்பா அடிச்சா, பத்து பேருக்கு அனுப்பின மெசேஜ் மாதிரி தெரியும். அடுத்தது, பயோ. சாட்ல அவசரத்துல அடிச்சேன்னு சொல்லலாம். பயோவை நிதானமா எழுத நேரம் இருந்துச்சே, அதனால அங்க டைப்போவுக்கு மன்னிப்பு கம்மி. கடைசியா, சந்திக்கிற நேரமும் இடமும். கீபோர்டுல 6-ம் 7-ம் பக்கத்துல பக்கத்துல இருக்கு. விரல் நழுவினா ஒருத்தர் காபி ஷாப்ல ஒரு மணி நேரம் தனியா உட்கார்ந்திருப்பார்.

மத்த இடத்துல தப்பு வந்தா, ஒரு ஸ்டார் போட்டுத் திருத்திட்டுப் பேச்சைத் தொடருங்க. மூணு வரி மன்னிப்பு கேட்டா, அவங்க கவனிக்காத தப்பையும் நீங்களே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

ஆமா, கயலுக்கு நாலு நாள் கழிச்சு "*Kayal. படகு இல்லை, மன்னிச்சிடுங்க"ன்னு அனுப்பினேன். "துடுப்பு எங்கே?"ன்னு பதில் வந்துச்சு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.