ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம்?
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



வைத்தியராக இருக்கும் பழைய மாணவியர் ஏதாவது பயனுள்ளதாகப் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. பசறையிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு மருந்தைப் பற்றிப் பேசலாம் என்று நாம் முடிவு செய்தோம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிட்டமோல் பாணிதான் அது. நமது வீடுகளில் அதற்குப் பெயர் 'பனடோல் பாணி'.

காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வரும் அம்மாவிடமோ அம்மாயியிடமோ, "வீட்டில் என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்போம். "பனடோல் பாணி ஒரு கரண்டி குடுத்தேன் டொக்டர்" என்பார்கள். அடுத்து, "எந்தப் போத்தல்? அதில் என்ன இலக்கம் எழுதியிருந்தது?" என்று கேட்டால் பதில் வராது. கரண்டி என்பது பாணியின் அளவு. மருந்தின் அளவு அதற்குள் கரைந்திருக்கிறது. அந்த மருந்தை மில்லிகிராமில் எண்ண வேண்டும்.

பரசிட்டமோல் பாணி ஒரே செறிவில் வருவதில்லை. நமது நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி. 125 உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் இருக்கிறது. இந்தியாவில் அது சாதாரணமாக விற்பனையாகிறது. கைக்குழந்தைகளுக்கான துளி மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். நிறமும் இனிப்பும் ஒன்று போலவே இருப்பதால் நாக்கினாலோ கண்ணினாலோ பிரித்தறிய முடியாது. லேபிளில் உள்ள இலக்கம் மட்டுமே சொல்லும்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. குழந்தைகளின் துளி மருந்து ஒரு செறிவிலும், சற்றுப் பெரிய பிள்ளைகளின் பாணி வேறு செறிவிலும் விற்பனையானதால், ஒன்றின் அளவை மற்றதில் கொடுத்துப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2011இல் அங்குள்ள உற்பத்தியாளர்கள் இரண்டையும் 5 மில்லிலீற்றருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கணக்கை நாமே போட வேண்டும்.

அந்தக் கணக்குக்கு இரண்டு படிதான். முதலாவது படி பிள்ளையினுடையது: நிறையை 15ஆல் பெருக்கினால் ஒரு தடவைக்குக் கொடுக்கக்கூடிய கூடிய அளவு மில்லிகிராமில் வரும். 10ஆல் பெருக்கினால் குறைந்த அளவு வரும். இரண்டாவது படி போத்தலினுடையது: வந்த மில்லிகிராமை, ஒரு மில்லிலீற்றரில் உள்ள மில்லிகிராமால் வகுத்தால் எத்தனை மில்லிலீற்றர் என்று தெரியும். 120 போத்தல் என்றால் 120ஐ 5ஆல் வகுக்க, ஒரு மில்லிலீற்றரில் 24. 250 போத்தலில் 50. துளி மருந்தில் 100.

ஒரு பிள்ளையை மனதில் வைத்துப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்து லயத்தில் வளரும் பெண்பிள்ளை, வயது 2 வருடமும் 8 மாதமும். அம்மா கொழுந்துக்குப் போக, பிள்ளை மடுவத்தில் இருக்கிறாள். கிளினிக் புத்தகத்தில் கடைசியாக எழுதிய நிறை 9.6 கிலோ.

9.6 × 15 = 144 மில்லிகிராம்.
120 போத்தலில்: 144 ÷ 24 = 6 மில்லிலீற்றர்.
250 போத்தலில்: 144 ÷ 50 = 2.88 மில்லிலீற்றர். கீழே இறக்கி 2.8 என்று எடுப்போம்.
துளி மருந்தில்: 144 ÷ 100 = 1.44 மில்லிலீற்றர். 1.4 போதும்.

பிள்ளை ஒன்று, மருந்து ஒன்று. ஆனால் கொடுக்க வேண்டிய பாணி 6, 2.8, 1.4 என்று மாறுகிறது. இப்படி ஒரு தடவை கொடுத்தால், அடுத்ததற்கு 6 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. அப்படி 4 தடவை கொடுத்தால் மொத்தம் 576 மில்லிகிராம். அதாவது ஒரு கிலோவுக்கு 60. அதுதான் நாளுக்கான எல்லை.

இனி இதே பிள்ளைக்கு வயதைப் பார்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பிரித்தானிய மருந்துக் கையேட்டின் வயது அட்டவணையில் 2, 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவை 180 மில்லிகிராம். 180ஐ 15ஆல் வகுத்தால் 12 வரும். அதாவது அந்த அளவு 12 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்குப் பொருந்தும். நமது பிள்ளை 9.6 கிலோ. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் வயதுக்கேற்ற நிறை குறைந்தவர்களாக இருந்தார்கள். ஆகவே வயது அட்டவணை நமது ஊரில் பல பிள்ளைகளுக்குக் கூடிய அளவையே காட்டும். 180 மில்லிகிராம் இந்தப் பிள்ளைக்கு உடனே நஞ்சாகாது. ஆனால் 4 தடவை கொடுத்தால் கிலோவுக்கு 75 ஆகி, 60 என்ற எல்லையைத் தாண்டிவிடும்.

இதோடு போத்தலும் மாறிவிட்டால்தான் ஆபத்து. 120 போத்தலில் 180 மில்லிகிராம் என்பது 7.5 மில்லிலீற்றர். அதை ஒன்றரைக் கரண்டி என்று அம்மாயி மனதில் வைத்திருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மாமா கொண்டுவந்த போத்தல் 250 ஆக இருக்கிறது. அதே ஒன்றரைக் கரண்டியில் இப்போது 375 மில்லிகிராம். 4 தடவையில் 1,500 மில்லிகிராம்; ஒரு கிலோவுக்கு 156. இப்படிச் சிறு பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 150க்கு மேல் இரண்டு நாள் போனாலோ, 100க்கு மேல் மூன்று நாள் போனாலோ ஈரல் பாதிக்கப்படக்கூடும் என்று கருதி இரத்தப் பரிசோதனை செய்வது வைத்தியசாலை நடைமுறை. எவரும் வேண்டுமென்று செய்ததல்ல. கரண்டி மாறவில்லை, போத்தல் மாறியது.

ஏன் ஈரல்? உடலுக்குள் போகும் பரசிட்டமோலில் பெரும்பகுதி தீங்கில்லாமல் சிறுநீரோடு வெளியேறும். ஒரு சிறு பகுதி மட்டும் ஈரலில் நச்சுப்பொருளாக மாறும். ஈரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்துச் செயலற்றதாக்கும். மருந்து கூடினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த நஞ்சு ஈரலின் கலங்களையே தாக்கும். நிறை குறைந்த பிள்ளையிடமும், இரண்டு மூன்று நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் வாந்தி எடுக்கும் பிள்ளையிடமும் இந்த இருப்பு முன்னமே குறைந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 15ஆல் அல்ல, 10ஆல் பெருக்குவது நல்லது. நமது பிள்ளைக்கு அது 96 மில்லிகிராம். 120 போத்தலில் 4 மில்லிலீற்றர்.

கூடிவிட்டது என்பதை எப்படி அறிவது? முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, அல்லது சற்று வாந்தி வரும். காய்ச்சலோடு வரும் வாந்தி என்றே நினைப்போம். இரண்டு மூன்று நாள் கழித்து வலது விலாவுக்குக் கீழே நோவும், கண்ணில் மஞ்சளும், வழமைக்கு மாறான தூக்கமும் வந்தால் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. கணக்கில் கூடியது தெரிந்தவுடனே, பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வர வேண்டும். அசற்றைல்சிஸ்ரீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஒரே தடவையில் அளவுக்கு மிஞ்சிக் குடித்த பிள்ளைக்கு அதை 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலை அனேகமாக முழுமையாகக் காப்பாற்றலாம்.

அளக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்று போல இல்லை. ஒன்று 3 மில்லிலீற்றர் பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிறிஞ்ச் ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு சிறு கோடு 0.2. நமது பிள்ளையின் 6 மில்லிலீற்றரை 3, 3 என்று இரண்டு முறை எடுக்கலாம். 2.8 என்பது 3க்கு ஒரு கோடு கீழே. மருந்து அடியில் தங்கிவிடக்கூடும் என்பதால் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் குறைவாகவும், போத்தல் முடியும்போது கூடுதலாகவும் போகும்.

தோட்ட டிஸ்பென்சரியில் சிறு போத்தலில் ஊற்றித் தரும்போது லேபிள் இருக்காது. "ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம்?" என்று அங்கேயே கேட்டு, பிளாஸ்ரரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சளிக்கான சில பாணிகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கிறது. மலவாசல் வழியாக வைக்கும் மருந்திலும் 125, 250 என்று அதே மருந்துதான். எந்த வழியாகப் போனாலும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் கணக்குப் போட வேண்டாம். நேரே வைத்தியரிடம் கொண்டுவாருங்கள். ஈரல் நோயுள்ள பிள்ளைக்கும் அப்படியே. சரியான அளவு கொடுத்தும் காய்ச்சல் முற்றாக இறங்காமல் இருக்கலாம். மருந்து சூட்டைச் சற்றுத் தணிக்குமே தவிர நோயைத் தீர்க்காது. அதற்காக அளவைக் கூட்டுவதும், நான்கு மணித்தியாலத்திலேயே திரும்பக் கொடுப்பதும் கூடாது. டெங்கு உள்ள நாட்டில், பரசிட்டமோலுக்குப் பதிலாக இபுபுறூபனோ டைக்ளோஃபெனக்கோ கொடுப்பது அதைவிடக் கெடுதி. அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஒன்பதாம், பத்தாம் தர மாணவியருக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால், இன்று கிளினிக் புத்தகத்தைத் திறந்து கடைசி நிறையைப் பாருங்கள். அது மூன்று மாதத்துக்கு முந்தியதாக இருந்தால், மிட்வைஃப் மிஸ் வரும் நாளில் திரும்ப நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு 15ஆல் பெருக்கி, வீட்டில் இருக்கும் போத்தலின் ஒரு மில்லிலீற்றரில் உள்ள மில்லிகிராமால் வகுத்து, வந்த மில்லிலீற்றரைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். பக்கத்தில் பிள்ளையின் பெயர், நிறை, 'ஆறு மணிக்கொரு தடவை' என்பதையும் எழுதுங்கள். புதுப் போத்தல் வாங்கும்போது பழையதைப் பார்த்து எழுதாமல், திரும்பவும் வகுத்துப் பார்த்து எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது அம்மாயி அதை வாசித்துக் கொடுப்பார்.