ஒரு சாய்கோடு மாறினால் ரயில் எங்கே போகும்?

புதுசா டிரெய்னிங் வந்தவங்களுக்கு ஸ்டேஷன் லேஅவுட் வரையச் சொல்லும்போது, ரொம்பப் பேர் தடுமாறுற இடம் கிராஸ்ஓவர்தான். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு கூடவே வரைஞ்சு பாருங்க.

படுக்கை வாட்டத்தில் ரெண்டு கோடு போடுங்க. ஒவ்வொண்ணும் ஒரு தண்டவாள ஜோடி. நம்ம நாட்டில் ரயில் இடது பக்கம்தான் ஓடும். அதனால மேல் கோட்டில் இடமிருந்து வலமாகவும், கீழ் கோட்டில் வலமிருந்து இடமாகவும் அம்புக்குறி போடுங்க. மேல் கோட்டுக்கு மேலே பிளாட்ஃபார்ம் 1, கீழ் கோட்டுக்குக் கீழே பிளாட்ஃபார்ம் 2.

இப்போ ஒரு சிக்கல். பிளாட்ஃபார்ம் 1-இல் ஒரு வண்டி பழுதாகி நிக்குது. இடப்பக்கமிருந்து வர்ற எக்ஸ்பிரஸை பிளாட்ஃபார்ம் 2-க்கு விடணும். ஸ்டேஷனுக்கு இடப்பக்கம் ஒரு கிராஸ்ஓவர் வேணும். எப்படிச் சாய்ச்சு வரைவீங்க?

மேல் கோட்டில் தொடங்கி வலது பக்கமா கீழே இறங்கினால், எக்ஸ்பிரஸ் நேரா அதுக்குள் திரும்பிடும். இதுதான் ஃபேசிங். அதையே மாத்திச் சாய்ச்சு வரைஞ்சிட்டா, வண்டி முழுசா தாண்டிப்போய் நின்னு, பின்னாடி தள்ளினாத்தான் கீழ் கோட்டுக்கு வர முடியும். அது டிரெய்லிங். பேப்பரில் ஒரே சின்னக் கோடுதான், ஆனா ஸ்டேஷனே வேற ஆயிடுது. ஃபேசிங்கில் ஆபத்தும் அதிகம்: நாக்குத் தண்டவாளம் சரியா ஒட்டாம இருந்தா சக்கரம் தப்பான பக்கம் நுழையலாம். அதனால அதைப் பூட்டின பிறகுதான் சிக்னல் கொடுப்பாங்க.

கிராஸ்ஓவரின் ரெண்டு முனைக்கும் 101A, 101B-னு ஒரே எண் எழுதுங்க. ரெண்டும் சேர்ந்துதான் நகரணும்.

அடுத்து சிக்னல். உள்ளே விடுற ஹோம் சிக்னல், கிராஸ்ஓவருக்கு முன்னாலேயே, மேல் கோட்டுக்கு இடது பக்கத்தில் வரணும். வண்டி பிளாட்ஃபார்ம் 2-க்கு வந்தாச்சு. இனி வலப்பக்கம் எப்படிக் கிளம்பும்? கீழ் கோட்டில் இருக்குற ஸ்டார்ட்டர் இடப்பக்கம் போற வண்டிக்கு மட்டும்தான். வலப்பக்கம் போகவும் ஒரு ஸ்டார்ட்டர் வேணும். மறுபடி மேல் கோட்டுக்கு ஏற, ஸ்டேஷனுக்கு வலப்பக்கம், கீழிருந்து வலது மேலாகச் சாயுற இன்னொரு கிராஸ்ஓவரும் வேணும். அந்த ஸ்டார்ட்டர் ஃபவுலிங் மார்க்குக்கு உள்ளேயே இருக்கணும். அதைத் தாண்டி வண்டி நின்னா, பக்கத்து லைன்ல போற வண்டியில உரசிடும்.

வரைஞ்சு முடிச்சதும் விரலையே ரயிலா வெச்சு ஓட்டிப் பாருங்க. இடப்பக்கம் ஹோமில் தொடங்கி பிளாட்ஃபார்ம் 2 வழியா வலப்பக்கம் வெளியே போங்க. விரலைத் தூக்கணும்னோ, பின்னாடி இழுக்கணும்னோ வந்தா, அங்கேதான் கோடு தப்பாச் சாஞ்சிருக்கு. விரல் கீழ் கோட்டில் இருக்கும்போது, எதிர்ல வலப்பக்கமிருந்து வர்ற வண்டியின் ஹோம் என்ன நிறம்னு கேளுங்க. சிவப்புன்னு யோசிக்காமச் சொல்றவருக்கு லேஅவுட் புரிஞ்சிருக்கு.