கினோவா தானியமா, விதையா?
(பெண்கள் கூடுகையில் பேசியது)



இந்தக் கிண்ணத்தில் இருப்பது வேகவைத்த கினோவா. மணியைச் சுற்றி வெள்ளை நூல்போல ஒன்று சுருண்டு நிற்கிறது, பாருங்கள். புழு இல்லை, பயப்படாதீர்கள்! அதுதான் முளை. கோதுமையில் முளை ஒரு முனையில் ஒட்டியிருக்கும். கினோவாவில் வளையம்போல் சுற்றியிருந்து, வெந்ததும் பிரிந்து வருகிறது.

நெல், கோதுமை, பார்லி எல்லாம் புல் இனம். கினோவா புல் அல்ல. பெரு, பொலிவியா நாட்டு மலைமக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்துவரும் அகன்ற இலைச் செடி அது. பீட்ரூட்டும் நம் தண்டுக்கீரையும் அதற்கு உறவு. அதனால் விதை என்று சொல்வதே சரி. சோறுபோல ஆக்கிச் சாப்பிடுவதால் கடைக்காரர் தானியங்களோடு வைக்கிறார், அவ்வளவுதான்.

சப்பாத்தி மாவு இழுபடுவதற்குக் காரணமான குளூட்டன் என்ற புரதம் கினோவாவில் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தப் புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும். அப்படிப்பட்ட 19 பேர் ஆறு வாரம் தினமும் 50 கிராம் கினோவா சாப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அவர்கள் அதை நன்றாகவே தாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் நான் பார்த்த ஒரு பிள்ளைக்குக் கினோவா உப்புமா சாப்பிட்டும் வயிற்றுவலி தீரவில்லை. சீலியாக் என்று உறுதியான எட்டு வயதுப் பிள்ளை. “கோதுமையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை, சிஸ்டர்” என்று அம்மா அழுதார்.

முதலில் கழுவும் விதத்தைக் கேட்டேன். கினோவாவின் மேல் சபோனின் என்ற கசப்புப் பூச்சு உண்டு. தண்ணீரில் சோப்புபோல நுரைக்கும். அது போகாவிட்டால் சிலருக்கு வயிறு கலங்கும், குளூட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் நுரை நிற்கும்வரை கழுவியிருந்தார். பாக்கெட்டிலும் குளூட்டன் இல்லை என்றே போட்டிருந்தது. பல நாடுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அப்படிப் போட முடியாது. அது போடாத பாக்கெட்டில், ஒரே ஆலையில் அரைபட்ட கோதுமை கலந்திருக்கலாம். முழு மணியானால் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்கலாம்: கினோவா சின்ன வட்டத் தகடு, கோதுமை நீண்டு நடுவில் கோடு விழுந்தது. மாவாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு, “தாளிப்பதற்கு எடுக்கும் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்” என்றேன். பையிலிருந்து கடுகு, உளுந்து, கடைசியாகப் பெருங்காயத்தூள் டப்பா வந்தது. பின்பக்கம் சின்ன எழுத்தில் கோதுமை மாவு! கடைகளில் கிடைக்கும் கூட்டுப்பெருங்காயம் பலவற்றில் அது சேர்ந்திருக்கிறது. நானும் என் வீட்டு டப்பாவை அன்றைக்குத்தான் திருப்பிப் பார்த்தேன்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு அவர் மாறினார். ரவை கிளறிய பழைய மரக்கரண்டியையும் எறிந்துவிட்டார். சில வாரங்களில் வலி குறைந்தது. பிள்ளை இப்போது உப்புமாவை இரண்டாம் தரம் கேட்கிறானாம்.