ஜாவா நிறுவும்போது எது எந்த வேலையைச் செய்கிறது

ஜாவா மொழியில் ஒருவர் எழுதும் மூலநிரலைக் கணினியின் செயலி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. Hello.java என்னும் கோப்பை javac என்ற தொகுப்பி முதலில் Hello.class என்னும் கோப்பாக மாற்றுகிறது. அதில் இருப்பது பைட்கோட், அதாவது எந்தவொரு செயலிக்கும் உரியதல்லாத இடைநிலைக் கட்டளைகளின் தொகுதி. இந்தப் பைட்கோடைப் படித்து, தான் இயங்கும் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றி நிறைவேற்றும் மென்பொருளே ஜேவிஎம் எனப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரம். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனி ஜேவிஎம் இருப்பதால்தான் ஒரே கிளாஸ் கோப்பு இரண்டிலும் இயங்குகிறது.

ஆனால் ஜேவிஎம் மட்டும் இருந்தால் போதாது. திரையில் ஒரு வரியை அச்சிடுவதற்குக்கூட ஜாவாவின் அடிப்படை நூலகம் தேவைப்படுகிறது. அந்த நூலகத்தையும் ஜேவிஎம்மையும் நிரலைத் தொடங்கிவைக்கும் java என்ற கட்டளையையும் சேர்த்துத் தருவதே ரன்டைம் அல்லது ஜேஆர்இ. பிறர் எழுதிய நிரலை இயக்குவதற்கு அது போதுமானது. ஆனால் அதில் javac இல்லை. நிரல் எழுதுவோருக்கு வேண்டியது ஜேடிகே. ரன்டைமில் உள்ளவை அனைத்தும் அதனுள்ளேயே இருப்பதால், அதை நிறுவியவர் ரன்டைமைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. 2018இல் வெளிவந்த ஜாவா 11 முதல் ஆரக்கிள் நிறுவனம் தனி ஜேஆர்இ வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

தொடக்கநிலையினரைப் பெரிதும் குழப்புவது, ரன்டைமும் ஜேடிகேயும் ஒரே கணினியில் வெவ்வேறு பதிப்புகளாக இருக்கும் நிலை. பழைய ஜாவா 8 ரன்டைம் இருக்கும் கணினியில் ஒருவர் ஜேடிகே 17ஐ நிறுவுகிறார் என்று கொள்ளலாம். கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளை வரிசையாகக் குறிக்கும் PATH பட்டியலில் பழைய ரன்டைம் முன்னால் நின்றால், java என்று தட்டச்சு செய்ததும் பழையதே இயங்கும். javac அங்கே இல்லாததால் தேடல் மேலும் சென்று புதிய ஜேடிகேயை அடையும். விளைவாக, 17 தொகுத்த கோப்பை 8 இயக்க முயல்கிறது. அப்போது UnsupportedClassVersionError என்ற பிழை தோன்றி, கோப்பின் பதிப்பு 61.0 என்றும், ரன்டைமுக்குத் தெரிந்தது 52.0 வரை மட்டுமே என்றும் தெரிவிக்கிறது. கிளாஸ் கோப்பின் வடிவத்துக்குத் தனி எண்வரிசை உண்டு. அதில் 52 ஜாவா 8ஐயும் 61 ஜாவா 17ஐயும் குறிக்கும். நிரலில் தவறு தேடிப் பல மணிநேரம் செலவிடுவோர் இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.

இதைச் சரிபார்க்கக் கீழ்க்காணும் இரண்டு கட்டளைகள் போதும்.

```
java -version
javac -version
```

முதலாவது 1.8 என்றும் இரண்டாவது 17 என்றும் காட்டினால், PATH பட்டியலில் ஜேடிகேயின் bin கோப்புறையை முன்னால் நகர்த்த வேண்டும். அல்லது பழைய ரன்டைம் வேறெதற்கும் தேவைப்படாதபோது அதை நீக்கிவிடலாம். மாற்றத்துக்குப் பின் புதிய கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும்; ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரம் பழைய பட்டியலையே வைத்திருக்கும்.